புது வீட்டுக்குக் குடிநீர் இணைப்பும் வடிகால் அனுமதியும்: யாழ்ப்பாணத்தில் சபைக்குக் கடிதம் எழுதும் முறை

"சபைக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோ, எல்லாம் செய்து தருவினம்" என்று எங்கள் வீட்டைக் கட்டி முடித்த மேசன் சொன்னார். நானும் அன்றிரவே எழுதினேன். "எமது புதிய வீட்டிற்கு நீர் இணைப்பும் வடிகால் இணைப்பும் வழங்கி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான் கடிதம். மறுநாள் காலை பிரதேச சபையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து விசாரிக்கப் போனபோது கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். அதன் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விகள் எழுதியிருந்தது: "யாருடைய காணி? எந்த வீதி? என்ன வடிகால்?" மூன்றுக்கும் என் கடிதத்தில் பதில் இல்லை. பதில் இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு ஓர் உத்தியோகத்தரால் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது கடிதத்தை அந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலாகவே எழுதினேன். அது நகர்ந்தது. வலிகாமத்துப் பிரதேச சபை ஒன்றின் எல்லைக்குள் நான் பட்ட பாட்டை வைத்து எழுதுகிறேன். மாநகர சபை, நகர சபை எல்லையில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்தச் சபையிடம் எதைக் கேட்பது

நாம் பேச்சில் இரண்டு அலுவலகங்களையும் "சபை" என்றுதான் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

குடிநீர்க் குழாயும் நீர்மானியும் மாதாந்தப் பட்டியலும் பெரும்பாலான இடங்களில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. அதற்குக் கடிதம் தேவையில்லை. அவர்களுடைய விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

அந்தக் குழாயை உங்கள் வளவுக்குள் கொண்டுவர வீதியை வெட்ட வேண்டும். வீதியும் அதன் ஓரத்து வடிகானும் உள்ளூராட்சி சபைக்குரியவை என்றால் அதற்கான அனுமதியை அந்தச் சபைதான் தர வேண்டும். கடிதம் தேவைப்படுவது இங்கேதான்.

நீர் வழங்கல் சபையின் பெயரில் "வடிகாலமைப்பு" என்று இருப்பதைப் பார்த்து, வீட்டுக் கழிவுநீரையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் வீடுகளை இணைக்கும் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. மலசலகூடத்துத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் உங்கள் வளவுக்குள்ளேயே முடிய வேண்டும். வெளியே விட அனுமதி கேட்கக்கூடியது மழைநீரை மட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில உள்ளூராட்சி சபைகள் தங்கள் சொந்தக் கிணறுகளிலிருந்து குழாய் நீர் வழங்குகின்றன. பக்கத்து வீட்டு நீர்ப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். மேலே யாருடைய பெயர் அச்சிட்டிருக்கிறதோ அவர்களிடம்தான் நீர் இணைப்பைக் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருக்கும் கணக்கு இலக்கத்தையும், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று விளக்குவதற்கு முகவரியைவிட அது உதவும். இன்னொன்றையும் அங்கேயே கேளுங்கள்: குழாயில் தண்ணீர் உண்மையில் வருகிறதா, எந்த நேரத்தில் வருகிறது? வீதியில் குழாய் தாட்டிருப்பதும் அதில் நீர் ஓடுவதும் ஒன்றல்ல.

2. வீதி யாருடையது என்று உறுதிப்படுத்துங்கள்

பெரிய வீதிகள், அதாவது ஏ, பி தரத்தவை, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்குரியவை. மாகாணத் திணைக்களத்து வீதியை வெட்டப் பிரதேச சபையிடம் கேட்டால், "எங்களுக்குரியதல்ல" என்று ஒரு பதில் வரும். அதற்குள் ஒரு மாதம் போய்விடும்.

எப்படி அறிவது? கடிதம் எழுதுவதற்கு முன் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் நேரில் போய், "இந்த வீதி உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா, என்ன பெயரில் இருக்கிறது?" என்று கேளுங்கள். ஊரார் சொல்லும் பெயரும் பதிவேட்டுப் பெயரும் வேறாக இருப்பது மிகச் சாதாரணம். எங்கள் ஒழுங்கையை எல்லாரும் கோயிலின் பெயரால் சொல்வோம். பதிவேட்டில் அது வேறொரு பெயரில், "1ஆம் ஒழுங்கை" என்று இருந்தது.

பதிவேட்டிலேயே இல்லை என்றால் அது தனியார் பாதையாக இருக்கலாம். இதுதான் பலரும் விழும் பள்ளம். ஒரு பெரிய காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது விட்ட பத்தடிப் பாதை, பிறகு பார்வைக்கு ஒழுங்கை போலவே ஆகிவிடும். உறுதியில் "வழிவாய்க்கால் உரிமை" என்று எழுதியிருப்பதை வைத்து, குழாய் தாழ்க்கவும் உரிமை இருக்கிறது என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். பாதையில் பங்குள்ள எல்லாரிடமும் "குழாய் தாழ்ப்பதற்கு ஆட்சேபனை இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அவருடைய அற்றோணித் தத்துவம் வைத்திருப்பவர் ஒப்பமிட வேண்டும். தத்துவத்தின் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

3. உறுதியில் இருக்கும் பெயரில் எழுதுங்கள்

என் முதற்கடிதத்தில் என் பெயர்தான் இருந்தது. காணியோ மனைவியின் சீதனக் காணி. உறுதி அவருடைய பெயரில். சபையின் ஆதன வரிப் பதிவேட்டில் அப்போதும் மாமனாரின் பெயரே இருந்தது. ஆக, ஒரே காணிக்கு மூன்று பெயர். வீட்டைக் கட்டியது நான், கடன் கட்டுவதும் நான். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் காணிக்குச் சொந்தக்காரரான என் மனைவி.

யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளின் கதை இதுவாகத்தான் இருக்கும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் வேலையாக ஆதன வரிப் பதிவேட்டில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், பழைய வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். வரி நிலுவை இருந்தால் முழுவதையும் கட்டாமல் பெயர் மாறாது. காணி பிரிக்கப்பட்டிருந்தால் உங்கள் துண்டுக்குத் தனி ஆதன இலக்கம் வாங்க வேண்டும். இந்த வேலை முடியாமல் நீர் இணைப்புக் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு மேசையிலும் அதே கேள்வி திரும்ப வரும்.

அடையாள அட்டையில் உள்ள பெயரையும் உறுதியில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய சீதன உறுதியில் தகப்பன் பெயரும், பிறகு எடுத்த அடையாள அட்டையில் கணவன் பெயரும் இருக்கக்கூடும். அப்படியென்றால் விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றைச் சேர்த்தால் போதும்.

சரி, கையில் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள் இவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, உறுதிப் பிரதி, நில அளவைப் படப் பிரதி, சபை அங்கீகரித்த கட்டட வரைபடத்தின் பிரதி, நடப்பு ஆண்டு ஆதன வரிப் பற்றுச்சீட்டு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல். வீடு முடிந்து இணக்கச் சான்றிதழும் எடுத்திருந்தால் அதையும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று நீர் வழங்கல் சபைக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று உங்கள் கோப்புக்கு. மூல உறுதியை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

4. அளந்து ஒரு படம் கீறுங்கள்

இரண்டாவது கடிதத்தை நகர்த்தியது ஒரு தாள் படம்தான் என்பது என் நம்பிக்கை. பெரிய வேலை இல்லை. ஏ4 தாள், அடிமட்டம், அளவுநாடா போதும்.

எங்கள் வீட்டு அளவுகளையே உதாரணமாகத் தருகிறேன். பிரதான நீர்க்குழாய் ஒழுங்கையின் மறுகரையில், தார் விளிம்பிலிருந்து 40 சென்ரிமீற்றர் தள்ளி மண்ணுக்குள் போகிறது. தார் அகலம் 3.4 மீற்றர். எங்கள் பக்கத்தில் 60 சென்ரிமீற்றர் மண் ஓரம், பிறகு 50 சென்ரிமீற்றர் அகல வடிகான், அதற்கு அப்பால் 30 சென்ரிமீற்றரில் மதில். எல்லாம் கூட்டினால் குழாயிலிருந்து மதில் வரை 5.2 மீற்றர். இதில் தாரை வெட்டுவது 3.4 மீற்றர் மட்டும். கிடங்கின் அகலம் 30 சென்ரிமீற்றர் என்று வைத்தால், பழுதாகும் தார்ப்பரப்பு 3.4 × 0.3, அதாவது ஒரு சதுர மீற்றரைவிடக் கொஞ்சம் கூட. வீதியைத் திருத்துவதற்கான கட்டணம் இந்தப் பரப்பைப் பார்த்துத்தான் வரும். ஆகவே மண் ஓரத்தையும் தாரையும் பிரித்துக் காட்டுவது உங்களுக்கே நல்லது. படம் இல்லாமல் "வீதியைக் குறுக்கே வெட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மதிலிலிருந்து மதில் வரை தார் என்று எடுத்துக் கணக்குப் பார்க்க இடமிருக்கிறது.

படத்தில் இன்னும் மூன்றைக் குறியுங்கள். நீர்மானி வைக்க நீங்கள் விரும்பும் இடம் ஒன்று. அது மதிலை ஒட்டி, கேற் பூட்டியிருந்தாலும் வாசிக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அடுத்தது, உங்கள் கிணறும் அயலவர் கிணறுகளும். மூன்றாவது, மலக்குழியும் கழிவுநீர் ஊறும் குழியும்.

குழாய் வடிகானைக் கடக்கும் இடத்தைக் கவனியுங்கள். வடிகானின் நடுவால் குறுக்கே கொண்டுபோனால் குப்பை அதில் தங்கி அடைபடும். குழாய் வெடித்தால் ஊத்தைத் தண்ணீர் உள்ளே போகும். வடிகான் தளத்துக்குக் கீழாகத்தான் போக வேண்டும். "வடிகான் தளத்தின் கீழாக" என்று கடிதத்திலேயே எழுதுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் எப்படியும் கேட்கப்போகும் கேள்வி அது.

5. வடிகால் என்று எதைக் கேட்கிறீர்கள்

"என்ன வடிகால்?" என்ற பென்சில் கேள்வியின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. "வடிகால் இணைப்பு" என்று வெறுமனே எழுதினால், குளியலறைத் தண்ணீரை வீதி வடிகானில் விடப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அனுமதி கிடைக்காது. விட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கும் போடலாம்.

ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன் உள்வேலை முடிந்திருக்க வேண்டும். மலசலகூடத்துத் தண்ணீர் மலக்குழிக்குப் போய், அங்கிருந்து ஊறும் குழிக்குப் போகிறதா? சமையலறைத் தண்ணீருக்கு எண்ணெய், சோற்றுப் பருக்கை தங்க ஒரு சிறு தொட்டியும் அதன் பின் ஒரு குழியும் இருக்கிறதா? ஊறும் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கிறதா? இதில் உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அயலவரின் கிணற்றையும் அளக்க வேண்டும். எங்கள் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள்ளால் கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஓடிக் கிணற்றில் சேரும். இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் குழியும் வைத்தால் 50 அடி கிடைப்பது கஷ்டம்தான். அதற்கு வழி குழியின் இடத்தை மாற்றுவதுதான். அளவைக் கூட்டிச் சொல்வதால் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகாது.

குழிகளை மூடுவதற்கு முன் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கொங்கிறீற் மூடி போட்ட பிறகு வந்தால் திறந்து காட்டச் சொல்லுவார். அதோடு, திறந்திருக்கும்போதே அளவுநாடாவை வைத்து இரண்டு படம் எடுத்து வைத்தேன். அந்தப் படங்களை இரண்டு முறை காட்ட வேண்டி வந்தது. கலிபவுசர் குழாய் எட்டுகிற இடமாகவும் மலக்குழி இருக்க வேண்டும்.

இனி மழைநீர். கூரையில் விழும் மழை முழுவதையும் குழாய் போட்டு வீதிக்கு அனுப்புவது எனக்கு மனதுக்கு ஒப்பாத வேலை. எங்கள் கிணறுகளில் ஊறுவது இந்த மழைதான். வருடம் முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கே இல்லை. பீலித் தண்ணீரை வளவுக்குள் ஒரு மழைநீர்க் குழிக்கு விட்டு, அது நிரம்பி வழியும் தண்ணீரை மட்டும் வடிகானுக்கு அனுப்பக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது சபைக்கும் சம்மதிப்பது இலகு, ஏனென்றால் மாரியில் அந்த வடிகானே தாங்காமல் நிற்கிறது.

அனுமதி கிடைத்தாலும் மட்டம் சரியில்லாவிட்டால் பயன் இல்லை. மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் அளந்து பாருங்கள். எங்கள் வளவு வீதியைவிட 15 சென்ரிமீற்றர் உயரம். வடிகானின் ஆழம் 45. ஆக, வளவு மட்டத்திலிருந்து வடிகான் தளம் 60 சென்ரிமீற்றர் கீழே. மழைநீர்க் குழியிலிருந்து வடிகானுக்கு 9 மீற்றர். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு என்றால் 9 சென்ரிமீற்றர் இறங்கும். நாலங்குலக் குழாயின் அடி, குழியடியில் வளவு மட்டத்துக்கு 25 சென்ரிமீற்றர் கீழே தொடங்கி, வடிகானில் 34 சென்ரிமீற்றர் கீழே முடிகிறது. அதாவது வடிகான் தளத்துக்கு 26 சென்ரிமீற்றர் மேலே.

அது போதுமா என்பதை வடிகான் சுவரே சொல்லும். கோடையில் போய்ப் பார்த்தால் போன மாரியில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு மண்நிறக் கோடு ஒன்று தெரியும். எங்கள் வடிகானில் அந்தக் கோடு தளத்திலிருந்து 20 சென்ரிமீற்றரில் இருந்தது. குழாய் வாய் அதற்கு 6 சென்ரிமீற்றர் மேலே, ஆகவே சரி. கோடு குழாய் வாய்க்கு மேலே இருந்தால், வீதித் தண்ணீர் உங்கள் வளவுக்குள் திரும்பி வரும். அப்படியானால் அந்த இணைப்பைக் கேட்கவே வேண்டாம். மழைநீர்க் குழியைப் பெரிதாக்குங்கள்.

6. கடிதம்

முதலில் நீர் வழங்கல் சபையில் விண்ணப்பத்தைக் கொடுத்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். அவர்கள் வந்து பார்த்து, எந்த இடத்தில் பிரதான குழாயில் தொடுப்பது என்று காட்டிய பிறகு பிரதேச சபைக்கு எழுதுங்கள். வீதி வெட்டும் அனுமதியை எடுப்பது நீங்களா அவர்களா என்பதையும் அன்றே கேட்டுத் தெளிவாக்குங்கள். நீங்கள் என்றால், கடிதம் இப்படி இருக்கலாம். தமிழில் எழுதினால் போதும்.

> பெயர்: ………………
> முகவரி: ………………
> தே.அ.அ. இலக்கம்: ………………
> தொலைபேசி: ………………
> திகதி: ………………
>
> செயலாளர்,
> ……………… பிரதேச சபை,
> ………………
>
> ஐயா/அம்மணி,
>
> குடிநீர்க் குழாய்க்காக வீதியைக் குறுக்கே வெட்டவும், மழைநீர்க் குழியின் மிகை நீரை வீதி வடிகானில் விடவும் அனுமதி கோரல் – ஆதன இலக்கம் ………, ……………… ஒழுங்கை
>
> மேற்படி ஆதனம் ……… இலக்க உறுதியின்படி எனக்குச் சொந்தமானது. தங்கள் சபையின் ……… இலக்கக் கட்டட அனுமதியின்படி இதில் புதிய வீடு கட்டி முடித்துள்ளேன்.
>
> 1. குடிநீர் இணைப்புக்காகத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு ……… இலக்க விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துள்ளேன். பிரதான குழாய் ஒழுங்கையின் மறுகரையில் உள்ளது. இணைப்புக்காக 3.4 மீற்றர் நீளம், 0.3 மீற்றர் அகலத்துக்குத் தார் வீதியையும், 1.8 மீற்றர் நீளத்துக்கு வீதி ஓரத்தையும் வடிகானுள்ள பகுதியையும் வெட்ட வேண்டியுள்ளது. குழாய் வடிகான் தளத்தின் கீழாகக் கொண்டுசெல்லப்படும். இதற்கு அனுமதியும் கட்டண மதிப்பீடும் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 2. கூரை மழைநீர் வளவினுள் உள்ள மழைநீர்க் குழியில் விடப்படுகிறது. அது நிரம்பும்போது வழியும் நீரை மட்டும் நாலங்குலக் குழாய் ஒன்றின் மூலம் வடிகானில் விட அனுமதி கோருகிறேன். மலசலகூட, குளியலறை, சமையலறைக் கழிவுநீர் எதுவும் இக்குழாயில் இணைக்கப்படவில்லை. அவை வளவினுள் உள்ள குழிகளில் விடப்படுகின்றன. இதனைத் தங்கள் உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் எந்நேரமும் பார்வையிடலாம்.
>
> இரண்டு வேலைகளையும் ஒரே தடவையில் செய்து முடிக்கவும், வெட்டிய இடத்தைத் தங்கள் சபை குறிப்பிடும் முறையில் மூடவும் உடன்படுகிறேன்.
>
> இங்ஙனம்,
> (ஒப்பம்)
>
> இணைப்புகள்: அடையாள அட்டைப் பிரதி, உறுதிப் பிரதி, நில அளவைப் படப் பிரதி, கட்டட அனுமதிப் பிரதி, ஆதன வரிப் பற்றுச்சீட்டுப் பிரதி, நீர் வழங்கல் சபை விண்ணப்பப் பிரதி, அளவுப் படம்.

மாநகர சபை என்றால் "மாநகர ஆணையாளர்" என்று விலாசமிடுங்கள். உங்கள் பகுதியில் நீர் வழங்குவதே உள்ளூராட்சி சபை என்றால், முதலாம் பந்தியில் விண்ணப்ப இலக்கத்துக்குப் பதிலாக, "தங்கள் சபையின் குழாயிலிருந்து வீட்டுப் பாவனைக்கு நீர் இணைப்பு ஒன்று தருமாறும்" என்று சேர்த்து, பக்கத்து வீட்டுக் கணக்கு இலக்கத்தைக் குறியுங்கள்.

இரண்டு கோரிக்கைகளையும் இலக்கமிட்டுப் பிரித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மழைநீர் இணைப்பில் ஏதும் சந்தேகம் வந்தாலும், "முதலாவதற்கு அனுமதிக்கலாம்" என்று எழுதி ஒன்றையாவது அனுப்ப முடியும். ஒரே வசனத்தில் இரண்டையும் கட்டினால் ஒன்றுக்காக மற்றதும் நிற்கும்.

7. கொடுத்த பிறகு

கடிதத்தின் இரண்டாவது பிரதியில் "பெறப்பட்டது" என்ற முத்திரையும் திகதியும் வாங்காமல் வெளியே வர வேண்டாம். தபாலில் அனுப்பினால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட வரும்போது நீங்களோ விபரம் தெரிந்த ஒருவரோ வீட்டில் இருக்க வேண்டும். புது வீட்டில் இன்னும் குடிபுகாதவர்கள் இதில்தான் காலத்தைத் தொலைக்கிறார்கள்: அவர் வருவார், கேற் பூட்டியிருக்கும், போய்விடுவார். தொலைபேசி இலக்கத்தைக் கடிதத்தின் மேலேயே போட்டிருப்பது இதற்காகத்தான். எங்கள் வீட்டுக்கு வந்தவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தார் அகலத்தை அளந்து பார்த்தார். 3.4 சரியாக இருந்தது. மற்ற அளவுகளை அவர் அளக்கவில்லை.

இரண்டு மூன்று வாரமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் முத்திரையிட்ட பிரதியோடு நேரில் போய், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எனது இன்ன திகதிக் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?" என்று சபையின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்து அறிவிக்க வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை.

8. காசும் காலமும்

கட்டணங்கள் சபைக்குச் சபை வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே தொகை சொல்லாமல், எந்தெந்தப் பெயரில் காசு கேட்பார்கள் என்பதைச் சொல்கிறேன். நீர் வழங்கல் சபையில் விண்ணப்பக் கட்டணம், பிறகு இணைப்புக்கான மதிப்பீட்டுத் தொகை. குழாயின் தூரம் கூடினால் இந்தத் தொகையும் கூடும். பிரதேச சபையில் வீதியைத் திருத்துவதற்கான கட்டணமும், சில இடங்களில் மீளளிக்கப்படும் வைப்புப் பணமும். இவற்றுக்கு வெளியே, நீர்மானியிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாய் வேலை முழுவதும் உங்கள் செலவு. எல்லாவற்றுக்கும் சபையின் அச்சிட்ட பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அயலில் இன்னொருவருக்கும் இணைப்புத் தேவைப்பட்டால் இருவரும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். ஒரே கிடங்கில் இரண்டு குழாயும் போக முடியுமா என்று நீர் வழங்கல் சபையிடம் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் தார் ஒரு முறைதான் வெட்டுப்படும்.

காலத்தைப் பொறுத்தவரை, பெயர் மாற்றத்தைச் சித்திரைக்கு முன் தொடங்கி, ஆவணிக்குள் வீதி வேலையை முடிக்கப் பாருங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். நனைந்த மண்ணைப் போட்டு மூடிய கிடங்கு இரண்டு மழையில் தாழும். அதன் மேல் தார் நிற்காது. எனக்கு முதற்கடிதத்திலிருந்து குழாயில் தண்ணீர் வரும் வரை ஏழு மாதம் சென்றது. அதில் நாலு மாதம் பெயர் மாற்றத்துக்கும் நகராமல் நின்ற முதற்கடிதத்துக்கும் போனது.

9. தொடுக்கும் நாளும் அதற்குப் பிறகும்

கிணற்று மோட்டர் தண்ணீர் ஏற்றும் குழாயையும் சபைக் குழாயையும் ஒன்றாகத் தொடுக்க விடாதீர்கள். "நடுவிலே ஒரு வால்வு போட்டால் சரி" என்று பிளம்பர் சொல்லுவார். வால்வு கசிந்தாலோ, யாராவது திறந்து விட்டாலோ கிணற்றுத் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் போகும்; அதனால்தான் அதைத் தடைசெய்திருக்கிறார்கள். சபைத் தண்ணீருக்குத் தனித் தாங்கி வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் அது, குளிக்கவும் தோட்டத்துக்கும் கிணறு என்று நாங்கள் பிரித்திருக்கிறோம். மோட்டரை நேரே சபைக் குழாயில் பூட்டி இழுப்பதும் கூடாது.

கிடங்கை மூடுவதற்கு முன் குழாய் வடிகான் தளத்துக்குக் கீழே போவது தெரியும்படி ஒரு படம் எடுங்கள். மண்ணைப் படை படையாகப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். முதல் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்து, தாழ்ந்திருந்தால் நீங்களே மண் போட்டு நிரப்புங்கள். வைப்புப் பணம் கட்டியிருந்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தரை ஒருமுறை கூப்பிட்டு மூடிய இடத்தைக் காட்டி, மூலப் பற்றுச்சீட்டையும் இணைத்து மீளத் தரும்படி இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள். அந்தப் பணம் தானாக வராது. கேட்டு எழுதினால்தான் வரும்.